தாமதமாகவும் உடைந்தும் வந்த லக்கேஜ்: விமான நிறுவனத்துக்கு இழப்பீட்டுக் கடிதம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் பெட்டி நாலு நாள் கழித்துத்தான் வந்தது. வந்தபோது ஒரு பக்கம் உடைந்தும் இருந்தது. இரண்டுக்கும் சேர்த்து ஒரே கடிதம் போதுமா?

போதும். ஆனால் கடிதத்துக்குள் இரண்டும் தனித்தனித் தலைப்பில் நிற்க வேண்டும். சர்வதேசப் பயணங்களில் பெரும்பாலானவற்றுக்குப் பொருந்தும் 1999ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கை, சேதத்தை 17ஆம் பிரிவிலும் தாமதத்தை 19ஆம் பிரிவிலும் வைத்திருக்கிறது. காலக்கெடு வேறு, விமான நிறுவனம் தப்பித்துக்கொள்ளச் சொல்லக்கூடிய காரணமும் வேறு. தாமதமென்றால், அதைத் தவிர்க்க நியாயமாக எடுக்கவேண்டிய எல்லா நடவடிக்கைகளையும் எடுத்தோம் என்று அவர்கள் நிரூபித்துத் தப்பலாம். சேதத்தில் அந்த வழி கிடையாது. பெட்டியிலேயே இருந்த குறையால்தான் உடைந்தது என்று காட்டினால்தான் அந்த அளவுக்குப் பொறுப்பு நீங்கும்.

இரண்டையும் கலந்து "மொத்தம் இவ்வளவு நஷ்டம்" என்று எழுதினால், கடிதத்தைப் படிக்கும் ஊழியர் தாமதத்துக்கான பில்களை மட்டும் பார்த்து ஒரு தொகையை அனுப்பிவிட்டுக் கோப்பை மூடிவிடுவார். சேதத்தைப் பற்றி நீங்கள் எழுதிய வரி எங்கோ மூன்றாவது பத்தியில் கிடக்கும்.

எத்தனை நாளுக்குள் எழுத வேண்டும்?

சேதத்துக்கு, பெட்டி கைக்கு வந்த நாளிலிருந்து 7 நாள். தாமதத்துக்கு, பெட்டி உங்களிடம் ஒப்படைக்கப்பட்ட நாளிலிருந்து 21 நாள். இவை விடுமுறைகளையும் சேர்த்த காலண்டர் நாட்கள். இரண்டுக்கும் சேர்த்து ஒரே கடிதம் எழுதுவதென்றால் குறுகிய கெடுவைத்தான் பார்க்க வேண்டும்: 7 நாள்.

இந்தப் பக்கம் முழுக்க ஒரே உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். பயணி இரண்டு விமானம் மாறி மார்ச் 3 அன்று இறங்குகிறார், பெட்டி வரவில்லை. மார்ச் 7 மாலை அதை கூரியர் தங்குமிடத்துக்குக் கொண்டுவந்து தருகிறார். சேதப் புகாருக்குக் கடைசி நாள் மார்ச் 14, தாமதப் புகாருக்கு மார்ச் 28. கெடுவுக்குள் கடிதத்தை அனுப்பிவிட்டாலே போதும், அது போய்ச் சேரும் நாள் கணக்கில்லை. அதனால் அனுப்பியதற்கான சான்றைப் பத்திரமாக வையுங்கள்.

கெடு தவறினால், விமான நிறுவனம் மோசடி செய்திருந்தால் ஒழிய, வழக்கே போட முடியாது என்று 31ஆம் பிரிவு சொல்கிறது. பில் இன்னும் வரவில்லை, ரிப்பேர் கடைக்காரர் எழுதித் தரவில்லை என்று காத்திருப்பதுதான் இங்கே அதிகம் நடக்கும் தவறு. கையில் இருப்பதை வைத்துப் புகாரை அனுப்புங்கள். "மீதி ஆவணங்கள் பின்னர் வரும்" என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

ஏர்போர்ட்டிலேயே பிஐஆர் போட்டுவிட்டேனே, அது புகார் ஆகாதா?

பெட்டி வரவில்லை என்று கவுன்டரில் பதிவு செய்யும் அந்த அறிக்கை தேடுவதற்கானது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருமுறை படித்துப் பாருங்கள்: பெட்டியின் நிறம், வகை, டேக் எண், உங்கள் முகவரி. இழப்பு பற்றியோ பணம் பற்றியோ ஒன்றும் இருக்காது.

உதாரணத்தில் இருக்கும் பொறியே இதுதான். மார்ச் 3 அன்று போட்ட பிஐஆர் "வரவில்லை" என்று மட்டுமே சொல்கிறது. பெட்டி உடைந்தது தெரிந்ததே மார்ச் 7 அன்றுதான். அப்படியிருக்க, அந்த பிஐஆர் சேதத்துக்கான புகாராக எப்படி நிற்கும்? ஆனால் பலரும் "ஏற்கெனவே நம்பர் இருக்கிறதே" என்று சும்மா இருந்துவிடுகிறார்கள், 7 நாள் ஓடிவிடுகிறது. பெட்டி கைக்கு வந்ததும் அதே எண்ணைக் குறிப்பிட்டு, சேதத்தைப் புதிதாக எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

எழுத்துப்பூர்வம் என்பதில் சற்றே தளர்வு உண்டு. பயணி சொன்ன புகாரை ஊழியரே கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்தால் அதுவும் எழுத்துப் புகார்தான் என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2018இல் சொல்லியிருக்கிறது. ஆனால் என்ன ஏற்றினார் என்பதற்கு உங்களிடம் நகல் இருக்க வேண்டுமே. நீங்களே எழுதிவிடுவது சுலபம்.

பிஐஆர் எண் பத்து இடங்கள் கொண்டது. முதல் மூன்று எழுத்து விமான நிலையம், அடுத்த இரண்டு விமான நிறுவனம், பிறகு ஐந்து இலக்கம். கடிதத்தில் இதைத் தப்பாக எழுதினால் கோப்பே கிடைக்காது. போட்டோவைப் பார்த்து ஒருமுறை சரிபாருங்கள்.

கூரியர் ஆள் கையெழுத்து கேட்டார், போட்டுவிட்டேன். பிறகுதான் விரிசலைப் பார்த்தேன். இனி ஒன்றும் செய்ய முடியாதா?

முடியும். புகார் எதுவும் சொல்லாமல் பெட்டியை வாங்கிக்கொண்டால், அது நல்ல நிலையில் வந்ததாக முதல் பார்வைக்கு எடுத்துக்கொள்ளப்படும், அவ்வளவுதான். அதை மறுக்க 7 நாள் இருக்கிறது. சான்று காட்டும் சுமை உங்கள் பக்கம் கொஞ்சம் கூடும். உடனே போட்டோ எடுங்கள். டேக்கைக் கழற்றுவதற்கு முன்னால், டேக்கும் உடைந்த இடமும் ஒரே படத்தில் வரும்படி ஒன்று, உடைந்த இடம் மட்டும் கிட்டத்தில் ஒன்று, திறந்ததும் உள்ளே இருக்கும் கோலம் ஒன்று.

அடுத்த முறை கையெழுத்துக்கு மேலேயே "ஓரத்தில் விரிசல், ஒரு சக்கரம் இல்லை" என்று ஐந்து சொல் எழுதிவிட்டுப் போடுங்கள். கூரியர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

டிக்கெட் வாங்கியது ஒரு நிறுவனத்தில், பறந்தது இரண்டு நிறுவனங்களில். யாருக்கு எழுதுவது?

கடைசியாகப் பறந்த நிறுவனத்துக்கு எழுதுங்கள். பிஐஆர் பெரும்பாலும் அவர்களிடம்தான் இருக்கும், கோரிக்கையை அவர்கள்தான் கையாள்வார்கள். லக்கேஜ் விஷயத்தில் முதல் நிறுவனம், கடைசி நிறுவனம், தாமதமோ சேதமோ நேர்ந்த பகுதியை இயக்கிய நிறுவனம் ஆகிய மூவரிடமும் உங்களுக்கு உரிமை உண்டு; அவர்கள் சேர்ந்தும் தனித்தனியாகவும் பொறுப்பு. எனவே "முந்தைய விமானத்தில் நடந்தது, அவர்களைக் கேளுங்கள்" என்ற பதில் வந்தால் 36ஆம் பிரிவைச் சொல்லித் திருப்பி அனுப்பலாம். ஆனால் இது எல்லாப் பகுதிகளும் ஒரே பயணமாகப் பதிவான டிக்கெட்டுக்கு. தனித்தனியாக வாங்கிய இரண்டு டிக்கெட்டுகளுக்கு இந்த வாதம் நிற்காமல் போகலாம்.

அதிகபட்சம் எவ்வளவு கிடைக்கும்? அந்தத் தொகையையே கேட்டுவிடலாமா?

2024 டிசம்பர் 28 முதல் ஒரு பயணிக்கு 1,519 எஸ்.டி.ஆர். உச்சவரம்பு. அதற்கு முன் 1,288 ஆக இருந்தது. எஸ்.டி.ஆர். என்பது சர்வதேச நாணய நிதியம் ஐந்து நாணயங்களை வைத்து மதிப்பிடும் கணக்கு அலகு. 1,519 எஸ்.டி.ஆர். தோராயமாக 2,000 அமெரிக்க டாலருக்குப் பக்கத்தில் வரும். அன்றைய மதிப்பைப் பார்த்துக் கணக்கிட வேண்டும். தாமதமும் சேதமும் சேர்ந்தாலும் இதே வரம்புதான், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வரம்பு இல்லை.

முழுத் தொகையையும் கேட்பது வீண். இது உச்சவரம்பு மட்டுமே, தானாகக் கிடைக்கும் தொகை இல்லை. இழப்பைப் பயணிதான் காட்ட வேண்டும் என்று அதே ஐரோப்பிய நீதிமன்றம் 2020இல் தெளிவாக்கியது. 300 டாலர் நஷ்டத்துக்கு 2,000 கேட்டால், நியாயமான 300க்கும் சந்தேகக் கண்ணோடுதான் பார்ப்பார்கள்.

எதையெல்லாம் நஷ்டமாகக் காட்டலாம்? எப்படி விலை போடுவது?

தாமதத்தில், பெட்டி இல்லாததால் வாங்கியே ஆகவேண்டியிருந்தவை. ஒவ்வொரு பொருளுக்கும் "ஏன், எந்த நாளில்" என்பதற்குப் பதில் இருக்க வேண்டும். நம் உதாரணப் பயணி வாங்கியது: உள்ளாடை, இரண்டு சட்டை, ஒரு பேண்ட் 96 டாலர், பல் துலக்க, குளிக்க, சவரம் செய்யத் தேவையானவை 19, பெட்டியில் மாட்டிக்கொண்ட மாத்திரைக்கு மாற்றாக வாங்கியது 14, போன் சார்ஜர் 21. மொத்தம் 150. எல்லாம் மார்ச் 3 முதல் 6 வரை வாங்கியவை. மார்ச் 7 மாலைக்குப் பிறகு தேதியிட்ட பில் ஒன்று கலந்திருந்தாலும் அதை வைத்து மற்றவற்றையும் கிளறுவார்கள்.

துணிக்குப் பாதிதான் தருவோம், அது உங்களிடமே இருக்கப்போகிறதே என்று சில நிறுவனங்கள் சொல்லும். பற்பசைக்கு இந்த வாதம் பொருந்தாது. சட்டைக்கு ஓரளவு பொருந்தும், ஆனால் உடன்படிக்கையில் "பாதி" என்று எங்கும் இல்லை. கடிதத்தில் முழுத் தொகையையே கேளுங்கள். அலுவல் கூட்டம் போன்ற காரணம் இருந்தால் அதை அந்தப் பொருளின் பக்கத்திலேயே எழுதுங்கள்.

சேதத்தில் கணக்கு வேறு. பழைய பொருளுக்குப் புதுப் பொருளின் விலை கிடைக்காது. உடைவதற்கு முன் அதற்கு என்ன மதிப்போ அதுதான். பெட்டி இரண்டு வருடம் முன்பு 140 டாலருக்கு வாங்கியது. பயணி தானே தேய்மானம் கழித்து 100 கேட்கிறார். இப்படி நீங்களே கழித்துக் காட்டினால், அவர்கள் தங்கள் பட்டியலை வைத்து இன்னும் ஆழமாக வெட்டுவதற்கு இடம் குறைகிறது. விரிசல் வழியே மழைத்தண்ணீர் இறங்கி, 5 மாதம் முன்பு 90க்கு வாங்கிய தோல் ஷூ வளைந்துபோனது: 75. கோட்டை டிரை கிளீனிங் செய்த செலவு 25. சரிசெய்ய முடியாது என்று ரிப்பேர் கடை எழுதித் தந்ததற்குக் கட்டணம் 10. ஆக 210. இரண்டும் சேர்த்து 360 டாலர், வரம்புக்கு வெகு கீழே.

பில் இல்லாத பொருளுக்கு என்ன செய்வது?

வங்கி அல்லது கார்டு ஸ்டேட்மென்ட், ஆன்லைன் ஆர்டரின் மின்னஞ்சல், அந்தப் பெட்டியோடு எடுத்த பழைய போட்டோ, அதே மாடலின் இப்போதைய விலையைக் காட்டும் ஸ்கிரீன்ஷாட். எதுவுமே இல்லையென்றால் வாங்கிய ஆண்டையும் உத்தேச விலையையும் எழுதி, உத்தேசம் என்றே குறிப்பிடுங்கள். பில் இருப்பவற்றின் நடுவில் உத்தேசத்தைச் செருகி மறைக்காதீர்கள்.

சக்கரமும் கைப்பிடியும் "சாதாரணத் தேய்மானம்", அதற்குப் பொறுப்பில்லை என்கிறார்கள். சரியா?

கீறல், அழுக்கு, தேய்ந்த ரப்பர் என்றால் அவர்கள் பக்கம் நியாயம் உண்டு. உடைந்துபோன சக்கரம் வேறு கதை. போட்டோவில் எதைக் காட்ட வேண்டும் என்று தெரிந்தால் பாதி வாதம் முடிந்தது. தேய்மானத்தில் சக்கரத்தின் ரப்பர் ஒருபக்கமாக மெலிந்திருக்கும், அச்சு ஆடும், ஆனால் அதைப் பிடித்திருக்கும் கூடு அப்படியே இருக்கும். அடி விழுந்திருந்தால் கூடே பிய்ந்திருக்கும், திருகாணி இருந்த துளை கிழிந்திருக்கும், பிளாஸ்டிக் ஓட்டில் மடங்கிய இடம் வெள்ளையாக வெளுத்திருக்கும், விரிசலின் விளிம்பு புதிதாக, அழுக்கேறாமல் இருக்கும். அந்த வெளுப்பையும் விளிம்பையும் கிட்டத்தில், பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுங்கள். மீதமுள்ள சக்கரங்களையும் ஒரு படம் எடுங்கள். அவை நல்ல நிலையில் இருந்தால் ஒன்று மட்டும் "தேய்ந்து" காணாமல் போனது எப்படி என்ற கேள்வி தானே எழும்.

நிறுவனத்தின் பயண நிபந்தனையில் சக்கரத்துக்குப் பொறுப்பில்லை என்று அச்சிட்டிருந்தால், பொறுப்பைக் கழற்றிவிடும் ஒப்பந்த வாசகம் செல்லாது என்னும் 26ஆம் பிரிவைச் சுட்டுங்கள். கோரிக்கை முடியும்வரை உடைந்த பெட்டியைத் தூக்கி எறிய வேண்டாம். பார்க்க வேண்டும் என்று கேட்டால் காட்ட வேறொன்றும் இருக்காது.

மாதிரிக் கடிதம் ஒன்று கிடைக்குமா?

மேலே சொன்ன உதாரணத்துக்கு இப்படி அமையும். நிறுவனம் ஏற்கும் மொழியில் எழுதி, வேறு மொழியில் உள்ள பில்களுக்குப் பக்கத்தில் ஒரு வரி விளக்கம் போட்டுவிடுங்கள்.

> நாள்: மார்ச் 10
> பெறுநர்: லக்கேஜ் கோரிக்கைப் பிரிவு
>
> பொருள்: தாமதமாகவும் சேதமாகவும் ஒப்படைக்கப்பட்ட லக்கேஜ் – இழப்பீட்டுக் கோரிக்கை. பிஐஆர் எண் ……, டேக் எண் ……, முன்பதிவு எண் ……
>
> ஐயா / அம்மையீர்,
>
> மார்ச் 3 அன்று …… எண் விமானத்தில் வந்திறங்கினேன். மேற்கண்ட டேக் எண்ணுள்ள பெட்டி வரவில்லை. அன்றே கவுன்டரில் பதிவு செய்தேன். மார்ச் 7 மாலை பெட்டி என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. அதன் கீழ் இடது மூலை உடைந்திருந்தது, ஒரு சக்கரம் கூட்டோடு பிய்ந்திருந்தது, உள்ளிருந்த பொருட்கள் நனைந்திருந்தன. இக்கடிதம் மான்ட்ரியல் உடன்படிக்கையின் 31ஆம் பிரிவின்படி சேதத்துக்கும் தாமதத்துக்குமான எழுத்துப்பூர்வப் புகார்.
>
> அ. தாமதத்தால் ஏற்பட்ட செலவு (19ஆம் பிரிவு)
> 1. உடைகள், மார்ச் 3 – 96 டாலர் (பில் 1)
> 2. குளியல், சவரப் பொருட்கள், மார்ச் 3 – 19 டாலர் (பில் 2)
> 3. மாற்று மாத்திரை, மார்ச் 4 – 14 டாலர் (பில் 3)
> 4. போன் சார்ஜர், மார்ச் 4 – 21 டாலர் (பில் 4)
> கூட்டுத்தொகை: 150 டாலர்
>
> ஆ. சேதத்தால் ஏற்பட்ட இழப்பு (17ஆம் பிரிவு)
> 5. பெட்டி, இரண்டு ஆண்டு முன் 140 டாலர்; இன்றைய மதிப்பு – 100 டாலர் (பில் 5, படம் 1 முதல் 4)
> 6. தோல் ஷூ, 5 மாதம் முன் 90 டாலர்; இன்றைய மதிப்பு – 75 டாலர் (பில் 6, படம் 5)
> 7. கோட் டிரை கிளீனிங் – 25 டாலர் (பில் 7)
> 8. சரிசெய்ய இயலாது என்ற சான்றுக்கான கட்டணம் – 10 டாலர் (பில் 8)
> கூட்டுத்தொகை: 210 டாலர்
>
> மொத்தம் 360 டாலரைக் கீழ்க்காணும் வங்கிக் கணக்கில் செலுத்தக் கோருகிறேன். ஏப்ரல் 9ஆம் தேதிக்குள் எழுத்துப்பூர்வமாகப் பதில் வேண்டும். ஏதேனும் ஒரு வரியை ஏற்க மறுத்தால், அந்த வரிக்கான காரணத்தைத் தனியே தெரிவிக்கவும். பெட்டியையும் ஷூவையும் பரிசோதனைக்காக வைத்திருக்கிறேன்.
>
> இணைப்பு: போர்டிங் பாஸ், டேக், பிஐஆர் நகல், பில் 1 முதல் 8, படம் 1 முதல் 5
>
> இப்படிக்கு, (பெயர், முகவரி, கையெழுத்து)

ஏப்ரல் 9 என்பது சட்டம் தரும் கெடு அல்ல, நீங்கள் வைப்பது. நாள் குறிப்பிடாத கடிதத்துக்கு நாள் கடந்தே பதில் வரும். ஒவ்வொரு வரிக்கும் எண் கொடுத்திருப்பதற்குக் காரணம், நாளை "4, 6 தவிர மற்றதை ஏற்கிறோம்" என்று பதில் வந்தால் அந்த இரண்டைப் பற்றி மட்டும் பேசினால் போதும்.

இணையதளத்தில் படிவம்தான் இருக்கிறது. கடிதம் தேவையா?

படிவத்தை நிரப்புங்கள், கடிதத்தை அதில் இணைப்பாகவும் ஏற்றுங்கள். பல படிவங்களில் "தாமதம்" அல்லது "சேதம்" என்று ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். அப்போது சேதத்தைத் தேர்ந்தெடுங்கள், ஏனெனில் அதற்குத்தான் கெடு குறைவு. தாமதத்துக்கு இன்னொரு படிவம் போடலாம். சமர்ப்பித்த பிறகு வரும் திரையையும் கோரிக்கை எண்ணையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

பட்ட மன உளைச்சலுக்கும் ஏதாவது கேட்கலாமா?

நாட்டுக்கு நாடு வேறுபடும். மன உளைச்சலும் பொருள் இழப்பும் சேர்ந்து அதே வரம்புக்குள்தான் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2010இல் தீர்ப்பளித்தது. அபராதம் போல் தண்டனைத் தொகை கேட்க உடன்படிக்கை எங்குமே இடம் தரவில்லை. கேட்பதென்றால் தனித் தலைப்பாகக் கேளுங்கள். அ, ஆ பட்டியலோடு சேர்த்தால் பில் இருக்கும் வரிகளும் பலமிழக்கும்.

பாதித் தொகைக்கு வவுச்சர் தருகிறேன் என்கிறார்கள். வாங்கலாமா?

வாங்குமுன் கூடவே வரும் வாசகத்தைப் படியுங்கள். "முழுமையான, இறுதியான தீர்வாக ஏற்கிறேன்" என்ற வரி இருந்தால், திரையில் அதற்குச் சம்மதம் கொடுத்த நொடியில் மீதி கோரிக்கை முடிந்துபோகும். அந்த வரி இல்லாமல் பணமாக வந்தால், "பகுதித் தொகையாகப் பெற்றுக்கொள்கிறேன், 5ஆம் 6ஆம் வரிகள் நிலுவையில் உள்ளன" என்று பதில் எழுதி வாங்கிக்கொள்ளலாம். வவுச்சர் வேண்டாம், பணமாகத் தாருங்கள் என்று கேட்பதில் தவறே இல்லை. நீங்கள் செலவழித்தது பணம்தான்.

பயணக் காப்பீடும் இருக்கிறது. இரண்டு பக்கமும் கேட்கலாமா?

ஒரே இழப்புக்கு இரண்டு முறை வாங்கக் கூடாது. விமான நிறுவனம் மறுத்ததையோ தேய்மானம் என்று கழித்ததையோ காப்பீட்டில் கேட்கலாம். அதற்கு அவர்களின் எழுத்துப் பதில் தேவைப்படும் என்பதால்தான் கடிதத்தில் வரிவாரியாகக் காரணம் கேட்டோம்.

உள்நாட்டு விமானத்துக்கும் இதே கணக்கா?

இல்லை. முழுக்க ஒரு நாட்டுக்குள் நடந்த பயணத்துக்கு அந்த நாட்டின் விதியும் நிறுவனத்தின் பயண நிபந்தனையும்தான். கெடுவும் வரம்பும் மாறலாம். சர்வதேசப் பயணத்தின் ஒரு பகுதியாக அதே டிக்கெட்டில் வரும் உள்நாட்டு விமானத்துக்கு மேலே சொன்னவை பொருந்தும்.

பதிலே வரவில்லை. எவ்வளவு காலம் காத்திருக்கலாம்?

வழக்குத் தொடுக்க 2 ஆண்டு. அந்தக் கணக்கு பெட்டி வந்த நாளிலிருந்து அல்ல, விமானம் சேருமிடத்தை அடைந்த நாளிலிருந்து: உதாரணத்தில் மார்ச் 3. நீங்கள் குறித்த நாள் கடந்ததும் அதே கோரிக்கை எண்ணில் ஒரு நினைவூட்டல் அனுப்புங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் விமானப் போக்குவரத்து ஒழுங்காணையத்திலோ நுகர்வோர் அமைப்பிலோ புகார் செய்யலாம். ஆனால் அங்கே புகார் நிலுவையில் இருப்பதால் 2 ஆண்டுக் கெடு நின்றுவிடும் என்று நம்பியிருக்க வேண்டாம்.